தேடற் குறிப்பிலிருந்து பிறிஸ்மா வரைபடம் வரை: எண்கள் எந்தப் பெட்டிக்குள் போகும்?

முறைசார் மீளாய்வு ஒன்றை முடிக்கும் தறுவாயில் பலரிடமும் இருப்பது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கிய நாலைந்து எண்களும், எக்ஸெல் கோப்பு இரண்டும், குழு வட்சப்பில் சிதறிக்கிடக்கும் சில செய்திகளும்தான். சஞ்சிகையோ பிறிஸ்மா வரைபடமும் சரிபார்ப்புப் பட்டியலும் கேட்கிறது. உடனே வரைபட வார்ப்புருவை இறக்கி, நினைவில் உள்ள எண்களைப் பெட்டிகளில் இடத் தொடங்கினால் கழித்தல் கணக்கு எங்கோ ஓரிடத்தில் உதைக்கும். பெரும்பாலும் தவறு கழித்தலில் இருக்காது, எண்ணியதில்தான் இருக்கும். எந்தப் பெட்டியில் எதை எண்ண வேண்டும் என்பது தெளிவாகாமல் எண்ணியதால் வந்த உதைப்பு அது.

பிறிஸ்மா என்பது முறைசார் மீளாய்வை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி. 2009 இல் வந்த பதிப்புக்குப் பதிலாக 2021 இல் வெளியான, ‘பிறிஸ்மா 2020’ எனப்படும் பதிப்பே இப்போது பயன்பாட்டில் உள்ளது. அதில் 27 அம்சங்கள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலும் தெரிவு வரைபடமும் உண்டு. சுருக்கத்துக்கு 12 அம்சங்களில் தனிப் பட்டியல் இருக்கிறது. 2009 ஆம் ஆண்டு வரைபடத்தைப் பழைய ஆய்வேட்டிலிருந்து பிரதி பண்ணி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்டிகளின் பெயர்களைப் பார்த்த மாத்திரத்திலேயே மதிப்பீட்டாளருக்கு அது தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு மீளாய்வு

யாழ் குடாநாட்டுக் கிணற்று நீரில் நைட்ரேட் எவ்வளவு என்று அளந்த ஆய்வுகளை ஒரு குழு தொகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் நிலம், ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத இடம், வலிகாமத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரம், கிணற்றுக்குப் பக்கத்திலேயே மலசலகூடக் குழி. இவற்றால் இந்தக் கேள்வியில் பல துறையினரும் கைவைத்திருக்கிறார்கள். புவியியல், விவசாயம், மருத்துவம், பொறியியல் எல்லாவற்றிலும் கட்டுரைகள் கிடக்கும். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. உண்மையான தேடலின் பெறுபேறு அல்ல.

குழுவின் குறிப்பு இப்படி இருக்கிறது:

> 4.3 – ஸ்கோபஸ் 214, பப்மெட் 86
> 6.3 – வெப் ஒஃப் சயன்ஸ் 158
> 11.3 – ஸ்ரீலங்கா ஜேர்ணல்ஸ் 37. ஸ்கொலர் 3,400 சொச்சம், 7 எடுத்தது
> ஸ்கோபஸ் திரும்பப் பாத்தது, 219?
> டூப்ளிகேட் போக 318
> தலைப்பு பாத்து 61
> கம்பஸ் களஞ்சியம் 6, றெபரன்ஸ் லிஸ்ட் 8
> கிடைக்கேல்லை 9
> கடைசி 24

மோசமான குறிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இதை நேரே வரைபடத்துக்குள் போட முடியாது. ஏன் என்பதைப் பார்க்க முதலில் மூன்று பொருள்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பதிவு, அறிக்கை, ஆய்வு

தரவுத்தளத்தில் தேடியவுடன் வருவது பதிவு: ஒரு தலைப்பு, பெரும்பாலும் கூடவே ஒரு சுருக்கம். அந்தப் பதிவு சுட்டும் முழு ஆவணம் அறிக்கை. அது சஞ்சிகைக் கட்டுரையாக இருக்கலாம், மாநாட்டுத் தொகுப்பில் வந்த இரண்டு பக்கமாக இருக்கலாம், முதுமாணி ஆய்வேடாகவும் இருக்கலாம். யாரோ கிணறுகளுக்குப் போய் நீர் மாதிரி எடுத்து அளந்த அந்த வேலையே ஆய்வு. ஒரே அறிக்கைக்கு மூன்று தரவுத்தளங்களில் மூன்று பதிவுகள் இருக்கும். ஒரே ஆய்வுக்கு ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், சஞ்சிகைக் கட்டுரை என மூன்று அறிக்கைகளும் இருக்கலாம்.

வரைபடம் மேலிருந்து கீழே வரும்போது இந்த மூன்றுக்குள்ளும் மாறிக்கொண்டே வருகிறது. `Records screened` பெட்டி வரைக்கும் பதிவுகளை எண்ணுகிறோம். `Reports sought for retrieval` என்ற பெட்டியில் அறிக்கைகளுக்கு மாறுகிறோம். கடைசிப் பெட்டியில் இரண்டு எண்கள் கேட்கப்படும்: சேர்க்கப்பட்ட ஆய்வுகள் எத்தனை, அவற்றுக்கான அறிக்கைகள் எத்தனை. குறிப்பில் உள்ள ‘கடைசி 24’ எது என்று எழுதியவருக்கே நிச்சயமில்லை என்றால், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி வருகிறது. இரட்டிப்பு நீக்கும்போது ஒரே அறிக்கையின் இரண்டு பதிவுகளில் ஒன்றை மட்டுமே நீக்கலாம். மாநாட்டுச் சுருக்கமும் பின்னர் வந்த முழுக் கட்டுரையும் ஒரே ஆசிரியர், ஏறக்குறைய ஒரே தலைப்பு என்பதால் மேற்கோள்களைத் திரட்டும் மென்பொருளான சொட்டேரோ அவற்றை இரட்டிப்பு என்று காட்டக்கூடும். அவை இரட்டிப்பு அல்ல, ஒரே ஆய்வின் இரண்டு அறிக்கைகள். சுருக்கத்தில் மாரி கால அளவீடும் கட்டுரையில் கோடை கால அளவீடும் இருந்தால், இணைத்துத் தூக்கிய கையோடு தரவும் போய்விடும். ஆண்டு, சஞ்சிகைப் பெயர், பக்க எண் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே இணைக்க வேண்டும்.

வரைபடத்துக்கு முன் ஒரு வரிசைப் பதிவேடு

எண்களைப் பெட்டிகளில் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரி வீதம் ஒரே அட்டவணை தயாரிப்பதுதான் மிகவும் பயன் தரும் வேலை. தரவுத்தளங்களிலிருந்து இறக்கிய கோப்புகளைத் திறந்து எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள். இரட்டிப்பு என்று தெரிந்த வரிகளையும் அழிக்கக் கூடாது. அழித்தால் அவற்றை எண்ண முடியாது.

```
A record_id
B route      (db / other)
C source
D dup_of
E ta
F retrieved
G ft
H reason
I study_id
```

D நெடுவரிசையில், இந்த வரி வேறொரு பதிவின் இரட்டிப்பு என்றால் அந்தப் பதிவின் இலக்கம் வரும், இல்லையென்றால் வெறுமையாக இருக்கும். E இல் தலைப்பும் சுருக்கமும் பார்த்து எடுத்த முடிவு. G இல் முழு ஆவணம் பார்த்து எடுத்த முடிவு. H இல் ஒரே ஒரு காரணம். I இல் ஆய்வின் இலக்கம். தேடிய திகதியும் தேடற் சொற்றொடரும் வேறு ஒரு தாளில் தரவுத்தளத்துக்கு ஒரு வரியாக இருக்கட்டும்.

நமது உதாரணத்தில் தரவுத்தளங்களிலிருந்து 495 வரிகள், பிற வழிகளிலிருந்து 21 வரிகள், ஆக 516. தலைப்பு வரி முதலாவது என்பதால் தரவு 2 முதல் 517 வரை ஓடும். இனிப் பெட்டிகளின் எண்களை எக்ஸெல்லே எண்ணித் தரும்:

```
=COUNTIFS(B2:B517,"db",D2:D517,"<>")
=COUNTIFS(B2:B517,"db",D2:D517,"")
=COUNTIFS(B2:B517,"db",E2:E517,"exclude")
=COUNTIFS(B2:B517,"db",H2:H517,"no_nitrate")
```

முதலாவது நீக்கிய இரட்டிப்புகள், இரண்டாவது தலைப்பும் சுருக்கமும் பார்த்துத் தெரியும் சல்லடைக்குப் போன பதிவுகள், மூன்றாவது தலைப்பிலேயே விலக்கியவை, நாலாவது நைட்ரேட் அளக்கவில்லை என்ற காரணத்துக்காக விலக்கிய அறிக்கைகள். காரணத்தை எல்லா வரிகளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுத வேண்டும். ஒருவர் `no_nitrate` என்றும் மற்றவர் `nitrate illai` என்றும் எழுதினால் எண் குறைந்து வரும், எச்சரிக்கை எதுவும் வராது.

இடப்பக்க நிரல்: தரவுத்தளங்கள்

முதல் கேள்வி ஸ்கோபஸ் 214 ஆ, 219 ஆ என்பது. திரையில் எந்த எண்ணைப் பார்த்தோம் என்பது இங்கே முக்கியமல்ல. இறக்கிச் சல்லடைக்குள் கொண்டுவந்த கோப்பில் எத்தனை பதிவுகள் என்பதே விடை. 219 என்று பார்த்த நாளில் கோப்பு இறக்கவில்லை என்றால் அந்தத் தேடல் மீளாய்வுக்குள் வரவில்லை. வரைபடத்தில் 214, தேடிய திகதி மார்ச் 4. புதிதாக வந்த 5 பதிவுகள் வேண்டுமென்றால் மறுபடி இறக்கி, 219 வரிகளாக மாற்றி, திகதியையும் மாற்ற வேண்டும். எண்ணை மாத்திரம் மாற்றித் திகதியைப் பழையபடி விடுவதுதான் இங்கு அடிக்கடி நடக்கும் கோளாறு.

நாம் 214 ஐ வைத்துக்கொள்வோம். 214, 86, 158, 37 சேர்ந்து 495. பெட்டியில் கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் தரவுத்தளம் ஒவ்வொன்றுக்கும் எண்ணைக் கொடுக்கும்படி வார்ப்புருவின் அடிக்குறிப்பே சொல்கிறது. கொடுப்பது நல்லது. ஸ்ரீலங்கா ஜேர்ணல்ஸ் ஒன்லைனில் 37 வந்திருக்கிறது என்பது உள்ளூர் சஞ்சிகைகளையும் தேடியிருக்கிறார்கள் என்று வாசகருக்கு உடனே காட்டும்.

பதிவகங்களுக்கு, அதாவது மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளை முன்கூட்டிப் பதியும் களங்களுக்கு, ஒரு வரி இருக்கும். கிணற்று நீர் அளவீட்டுக்கு அவை பொருந்தா, ஆகவே குழு தேடவில்லை. அந்த இடத்தில் 0 என்று போட்டால் ‘தேடினோம், ஒன்றும் வரவில்லை’ என்று பொருள்படும். தேடாவிட்டால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.

அடுத்தது இரட்டிப்பு. குறிப்பில் ‘போக 318’ என்று உள்ளது. 495 இலிருந்து 318 ஐக் கழித்தால் 177. ஆனால் சல்லடையின் நடுவில் இன்னும் 6 இரட்டிப்புகள் கண்ணில் பட்டன, எல்லாமே ஊர்ப்பெயர் எழுத்துக்கூட்டல் வேறுபட்டு மென்பொருளை ஏமாற்றியவை. அவற்றை அந்நேரம் ‘விலக்கு’ என்று குறித்துவிட்டார்கள். அதனால் தலைப்பில் விலக்கியவை 257 என்று வந்தது. சரியான இடம் இரட்டிப்புப் பெட்டிதான். ஆறு வரிகளுக்கும் D இல் இலக்கம் இட்டு E ஐ வெறுமையாக்கினால் இரட்டிப்பு 183, சல்லடைக்குப் போனவை 312, விலக்கியவை 251, மிஞ்சியவை 61. குறிப்பில் இருந்த 61 மாறவில்லை, அதற்கு முன்னுள்ள மூன்று எண்கள் மாறின. E ஐ வெறுமையாக்க மறந்தால் ஒரு வரி இரண்டு பெட்டிகளில் எண்ணப்படும், கழித்தலில் சரியாக 6 உதைக்கும். உதைக்கும் தொகை எவ்வளவு என்று பார்த்தாலே தவறு எங்கே என்று பல வேளை பிடித்துவிடலாம்.

தானியங்கிக் கருவி விலக்கியவை என்ற வரியைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். தரவுத்தளத்திலேயே ஆண்டு வரையறையோ மொழி வரையறையோ போட்டுத் தேடினால் அது அந்த வரிக்குள் வராது. வரையறைக்குப் பிறகு வந்த எண்தான் 214, வரையறை பற்றிய செய்தி தேடல் உத்தியில் எழுதப்படும். மனிதர் பார்க்க முன் மென்பொருள் தானே தகுதியற்றது என்று ஒதுக்கியிருந்தால் மட்டுமே அந்த வரி தேவை.

61 அறிக்கைகளைத் தேடிப் போனதில் 4 கிடைக்கவில்லை. கிடைக்காதது விலக்கியது ஆகாது. வாசித்துப் பார்த்து ஒதுக்கியதும், வாசிக்கவே முடியாமல் போனதும் வாசகருக்கு வேறு வேறு செய்திகள். கிடைக்காதவற்றை ‘தகுதியில்லை’க்குள் தள்ளினால், தொகுப்பில் தவறவிட்டிருக்கக்கூடிய தரவு மறைந்துபோகும். நூலகத்தில் கேட்டீர்களா, ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டீர்களா, எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பதை F நெடுவரிசைக்கு அருகில் ஒரு குறிப்பாக வைத்திருங்கள். மதிப்பீட்டாளர் கேட்பார்.

மீதி 57 அறிக்கைகளை முழுதாக வாசித்ததில் 38 விலக்கப்பட்டன. இங்கே காரணமும் எண்ணும் ஒவ்வொன்றாக வேண்டும்: குடாநாட்டுத் தரவு பிரித்துத் தரப்படவில்லை 15, நைட்ரேட் அளக்கப்படவில்லை 12, புதிய அளவீடு எதுவும் இல்லை 11. சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் பற்றிய கட்டுரைகளில் சில இரண்டாவதற்குள் வரும். பழைய தரவை வைத்துச் செய்த மாதிரியுருக்களும் மீளாய்வுகளும் மூன்றாவதற்குள்.

ஒரு அறிக்கைக்கு இரண்டு காரணங்கள் பொருந்தினால் என்ன செய்வது? காரணங்களுக்கு முன்கூட்டியே ஒரு வரிசை வைத்து, முதலில் பொருந்தும் காரணத்தை மட்டும் H இல் இடுங்கள். இரண்டையும் எண்ணினால் காரணங்களின் கூட்டுத்தொகை 38 ஐத் தாண்டும். ‘ஏனையவை’ என்ற காரணம் இரண்டு மூன்றுக்கு மேல் போனால் அதைப் பிரித்துப் பெயர் கொடுக்க வேண்டும்.

இதைவிட ஆழமான தவறு ஒன்று இருக்கிறது. நைட்ரேட்டை அளந்திருக்கிறார்கள், ஆனால் பெறுமானம் நைட்ரேட் அயனாகவா நைதரசனாகவா என்று எழுதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட், அதையே நைதரசனாகச் சொன்னால் ஏறக்குறைய 11. இரண்டுக்கும் நாலரை மடங்கு வித்தியாசம் என்பதால் அலகு தெளிவில்லாத அறிக்கையைக் கணக்கில் சேர்க்க முடியாதுதான். அதற்காக ‘அலகு தெளிவில்லை’ என்று விலக்கல் பெட்டிக்குள் போடக் கூடாது. அந்த ஆய்வு மீளாய்வுக்குத் தகுதியானது. அதைச் சேர்த்து, தொகுப்புக் கணக்கில் மட்டும் பயன்படுத்த முடியவில்லை என்று எழுத வேண்டும். தகுதி என்பது அவர்கள் எதை அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது, எவ்வளவு நன்றாக எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது அல்ல.

57 இலிருந்து 38 போக 19 அறிக்கைகள்.

வலப்பக்க நிரல்: பிற வழிகள்

தரவுத்தளங்களை மட்டும் தேடியவர்களுக்கு ஒரு வார்ப்புரு, பிற வழிகளிலும் தேடியவர்களுக்கு இன்னொன்று. நமக்கு வேண்டியது இரண்டாவது. கூகுள் ஸ்கொலரிலிருந்து 7, பல்கலைக்கழகக் களஞ்சியத்திலிருந்து 6, மேற்கோள் பட்டியல்களிலிருந்து 8, மொத்தம் 21.

ஸ்கொலர் காட்டிய ‘3,400 சொச்சம்’ வரைபடத்தின் எந்தப் பெட்டிக்குள்ளும் வராது. அது ஒரு மதிப்பீடு, ஸ்கொலர் முதல் 1,000 பெறுபேறுகளுக்கு மேல் காட்டுவதும் இல்லை. முதல் 200 ஐப் பார்த்து 7 எடுத்தோம் என்றால், 200 என்பது முறைகள் பகுதியில் வரும், 7 வரைபடத்தில் வரும். எத்தனை பார்த்தோம் என்று குறிப்பில் இல்லாவிட்டால் மறுபடி உட்கார்ந்து திகதியோடு பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இந்த நிரலில் இரட்டிப்புப் பெட்டி கிடையாது. ஆகவே இடப்பக்கம் ஏற்கெனவே வந்ததை மேற்கோள் பட்டியலில் மறுபடி கண்டால் அதை இங்கு எண்ணவே வேண்டாம். இந்த 21 உம் இடப்பக்கத்தில் இல்லாதவை. 5 கிடைக்கவில்லை, 16 ஐ வாசித்து 11 ஐ விலக்கினார்கள்: பிரித்துத் தரப்படாதவை 4, நைட்ரேட் அளக்காதவை 5, புதிய அளவீடு இல்லாதவை 2. மிஞ்சியது 5.

குறிப்பிலிருந்த ‘கிடைக்கேல்லை 9’ இப்போது விளங்கும். இடப்பக்கம் 4, வலப்பக்கம் 5. சேர்த்து எழுதிவைத்ததால் எந்தப் பக்கம் எத்தனை என்று பதிவேட்டைப் பார்த்தே பிரிக்க வேண்டியிருந்தது.

கடைசிப் பெட்டி

19 உம் 5 உம் சேர்ந்து 24 அறிக்கைகள். ‘கடைசி 24’ என்பது அறிக்கைகள்தான். இனி ஆய்வுகளை எண்ண வேண்டும். கிணறுகளின் எண்ணிக்கை, மாதிரி எடுத்த மாதங்கள், பிரதேசம், ஆசிரியர்கள் ஆகிய நாலையும் ஒரு பட்டியலாக வைத்து ஒப்பிடுங்கள். வலிகாமத்தில் அதே கிணறுகள், அதே மாதங்கள், மூன்று ஆசிரியர்களில் இருவர் ஒன்று என்றால் அது ஒரே ஆய்வாக இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீராவிட்டால் ஆசிரியரைக் கேளுங்கள். நமது உதாரணத்தில் 14 ஆய்வுகளுக்கு ஒவ்வொரு அறிக்கை, 3 ஆய்வுகளுக்கு இரண்டிரண்டு, ஓர் ஆய்வுக்கு நாலு. ஆக 24 அறிக்கைகள், 18 ஆய்வுகள். 24 ஐ ஆய்வுகள் என்று எழுதியிருந்தால், நாலு தடவை பிரசுரமான ஒரே கிணற்றுத் தொகுதி சராசரியில் நாலு மடங்கு குரல் எழுப்பியிருக்கும்.

```
தரவுத்தளங்கள் 495           பிற வழிகள் 21
  இரட்டிப்பு -183
சல்லடை 312
  விலக்கியவை -251
தேடிய அறிக்கை 61            தேடிய அறிக்கை 21
  கிடைக்காதவை -4              கிடைக்காதவை -5
வாசித்தவை 57                 வாசித்தவை 16
  விலக்கியவை -38              விலக்கியவை -11
மிஞ்சியவை 19                 மிஞ்சியவை 5

சேர்த்தவை: ஆய்வுகள் 18, அறிக்கைகள் 24
```

அதே குறிப்பு, பட்டியலுக்குள்

வரைபடத்துக்குள் போகாமல் மிஞ்சும் தகவலில் பெரும்பகுதி சரிபார்ப்புப் பட்டியலின் சில அம்சங்களுக்கு உரியது. 27 அம்சங்களையும் இங்கே சொல்லத் தேவையில்லை. தேடலோடும் தெரிவோடும் நேரே தொடர்புள்ளவை 5, 6, 7, 8, 16 ஆகியன. அவற்றைக் கட்டுரையின் உபதலைப்புகளாகவே வைத்து எழுதத் தொடங்கினால் பட்டியலைப் பின்னர் நிரப்பும் வேலை பாதியாகும்.

அம்சம் 5 தகுதி விதிகள். முழு ஆவணத்தில் விலக்கிய காரணங்கள் ஒவ்வொன்றும் இங்கே ஒரு விதியாக இருக்க வேண்டும். ‘குடாநாட்டுத் தரவு பிரிக்கப்படவில்லை’ என்று 15 ஐ விலக்கிவிட்டு, குடாநாடு என்றால் எது, தீவுப்பகுதிகள் சேருமா என்று விதியில் சொல்லாமல் விட்டால் வரைபடமும் முறைகள் பகுதியும் ஒன்றோடொன்று முரண்படும். காரணப் பட்டியலையும் விதிப் பட்டியலையும் அருகருகே வைத்து ஒருமுறை பாருங்கள்.

அம்சம் 6 தகவல் மூலங்களும், ஒவ்வொன்றையும் கடைசியாகத் தேடிய திகதியும். குறிப்பில் ‘4.3’ என்று மட்டும் உண்டு, வருடம் இல்லை. ‘வெப் ஒஃப் சயன்ஸ்’ என்பதும் போதாது, அது பல தொகுப்புகள் அடங்கிய தளம். எந்தத் தொகுப்பு என்பது பல்கலைக்கழகத்தின் சந்தாவைப் பொறுத்தது, எனவே பெயரைத் தேடல் திரையிலேயே பார்த்து எழுதுங்கள்.

அம்சம் 7 முழுத் தேடல் உத்தி, எல்லாத் தரவுத்தளங்களுக்கும். ‘நைட்ரேட், நிலத்தடி நீர், யாழ்ப்பாணம் ஆகிய சொற்களைப் பயன்படுத்தினோம்’ என்ற வாக்கியம் இந்த அம்சத்தை நிறைவேற்றாது. திரையில் இருந்ததை அப்படியே பிரதி பண்ணிப் பின்னிணைப்பில் போட வேண்டும்:

```
TITLE-ABS-KEY ( nitrate AND ( groundwater OR well* )
AND ( jaffna OR chunnakam OR valikamam OR valigamam
OR vadamarachchi OR vadamaradchi ) )
```

நம் ஊர்ப்பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் இல்லை என்பதால் இந்தச் சொற்றொடரை முழுதாகக் காட்டுவது இங்கே கூடுதல் தேவை. தென்மராட்சி விடுபட்டிருப்பதை வாசகர் கண்டுபிடிக்க முடிவது இப்படிக் காட்டினால்தான். கையால் மறுபடி தட்டெழுதாதீர்கள். வேர்டு மேற்கோள் குறிகளை வளைத்துவிடும், அடைப்புக்குறி ஒன்று காணாமல் போகும், அதை ஒட்டித் தேடுகிறவருக்கு வேறு எண் வரும். தேடலை இன்னும் நுணுக்கமாக அறிக்கையிட 2021 இல் ‘பிறிஸ்மா எஸ்’ என்ற 16 அம்சங்கள் கொண்ட விரிவாக்கமும் வந்திருக்கிறது. இரட்டிப்பை எப்படி நீக்கினீர்கள் என்பதையும் அது கேட்கும்.

அம்சம் 8 இல் எத்தனை பேர் பார்த்தார்கள், தனித்தனியாகவா பார்த்தார்கள், முரண்பாட்டை எப்படித் தீர்த்தார்கள் என்று எழுத வேண்டும். குறிப்பில் இது இல்லவே இல்லை. பெரும்பாலான குறிப்புகளில் இருப்பதில்லை. ரயான் போன்ற கருவியில் செய்திருந்தால் யார் எந்த முடிவெடுத்தார் என்று பார்க்கலாம். ஒருவர் 312 ஐயும் பார்த்து மற்றவர் 60 ஐ மட்டும் சரிபார்த்திருந்தால் அப்படியே எழுதுங்கள். ‘இருவர் தனித்தனியாக’ என்ற வழக்கமான வாக்கியத்தை மற்றக் கட்டுரைகளிலிருந்து எடுத்துப் போடுவது பொய்யாகிவிடும். ஒருவர் பார்த்தார் என்று எழுதினாலும் பிறிஸ்மா அம்சம் நிறைவேறும். பட்டியல் கேட்பது நடந்ததைச் சொல்வதை, நடந்தது நல்ல முறையா என்பதற்கு அது புள்ளி போடுவதில்லை.

அம்சம் 16 இரண்டு பகுதி. முதற்பகுதிக்கு வரைபடமும் அதைச் சொல்லும் ஒரு பந்தியும். இரண்டாம் பகுதி, தகுதியானவை போலத் தோன்றியும் விலக்கப்பட்டவற்றைப் பெயர் சொல்லிக் காரணத்தோடு கொடுப்பது. இது அடிக்கடி விடுபடும். விலக்கிய 49 அறிக்கைகளும் பதிவேட்டில் காரணத்தோடு இருப்பதால் வடிகட்டி எடுத்துப் பின்னிணைப்பாக வைக்கலாம். உள்ளே வரும் என்று துறைசார்ந்த ஒருவர் எதிர்பார்க்கும் கட்டுரைகளை மட்டும் உரையிலேயே சொல்லுங்கள்.

பட்டியலின் கடைசி நிரலில் ஒவ்வொரு அம்சமும் எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும். பக்க எண் போட்டால் திருத்தப் பதிப்பில் எல்லாம் நகர்ந்துவிடும். ‘முறைகள், தேடல் உத்தி, பந்தி 2, பின்னிணைப்பு 1’ என்று எழுதினால் நிற்கும். பொருந்தாத அம்சத்துக்கு வெறுமை விடாமல், செய்யவில்லை என்றும் ஏன் என்றும் எழுதுங்கள்.

மறுபடி தேடச் சொன்னால்

கட்டுரை அனுப்பி ஒரு வருடம் போன பிறகு, தேடலைப் புதுப்பிக்கும்படி சஞ்சிகை கேட்பது வழமை. அப்போது ‘முன்னைய ஆய்வுகள்’ என்ற பெட்டி கொண்ட புதுப்பித்தல் வார்ப்புருவை எடுக்க வேண்டாம். ஏற்கெனவே பிரசுரமான மீளாய்வைப் புதுப்பிக்கும்போதுதான் அது வேண்டும். இன்னும் பிரசுரமாகாத மீளாய்வில் இரண்டாவது தேடலின் பதிவுகளையும் அதே பதிவேட்டின் அடியில் சேர்த்து, முதல் தேடலில் வந்தவற்றை இரட்டிப்பு என்று D இல் குறித்து, சூத்திரங்களின் எல்லையை 517 இலிருந்து புதிய கடைசி வரிக்கு நீட்டுங்கள். எல்லாப் பெட்டிகளின் எண்களும், பட்டியலின் அம்சம் 6 இல் உள்ள திகதிகளும், சுருக்கத்தில் எழுதிய ‘18 ஆய்வுகள்’ என்பதும் மாறக்கூடும். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் மறந்துபோகிறார்கள்.